ஒரு கதை, ஒரு நாவல், ஒரு கேள்வி: இலக்கிய ஆய்வேட்டுக்குத் தலைப்பு எடுப்பது எப்படி

முதுகலைத் தமிழ் மாணவர்கள் ஆய்வேட்டுக்கென்று எழுதித் தரும் தலைப்புகள் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தவை. “புதுமைப்பித்தன் சிறுகதைகளில் சமுதாயச் சிந்தனைகள்”, “ராஜம் கிருஷ்ணன் நாவல்களில் பெண்கள்”, இன்னாருடைய கவிதைகளில் மனித நேயம். இந்த அச்சைச் சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. ஆசிரியர் பெயரை அடித்துவிட்டு அந்த இடத்தில் வேறொரு பெயரை எழுதிப் பாருங்கள். “ஜெயகாந்தன் சிறுகதைகளில் சமுதாயச் சிந்தனைகள்”. தலைப்பு எந்தச் சேதமும் இல்லாமல் நிற்கிறது. புதுமைப்பித்தனுக்கு மட்டுமே உரிய எதுவும் முதல் தலைப்பில் இருக்கவில்லை என்பதற்கு இதுவே சான்று.

இத்தகைய தலைப்பை மாணவர் தேர்ந்தெடுப்பதற்குக் காரணம் சோம்பல் அல்ல, பயம். குறுகிய தலைப்பை எடுத்தால் எழுத எதுவும் கிடைக்காது, துணைநூற் பட்டியலில் நான்கு பெயர்கூடத் தேறாது என்ற பயம். அந்தப் பயத்தில் நியாயமும் இருக்கிறது. யாரும் தொடாத படைப்பை எடுத்தால் அதைப் பற்றிய விமர்சனம் இருக்காது. விமர்சனம் நிறைய உள்ள படைப்பை எடுத்தால் புதிதாகச் சொல்ல இடம் இருக்காது. குறுக்கம், புதுமை, போதிய சான்று ஆகிய மூன்றும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டே இருக்கும். மூன்றையும் ஒரே தலைப்புக்குள் கொண்டுவருவது எப்படி என்பதைப் பொதுவாகச் சொல்வதைவிட, ஒரு தலைப்பைத் தொடக்கத்திலிருந்து எடுத்துக் கடைசிவரை செய்து காட்டுவது பயனுள்ளது. புதுமைப்பித்தனிலிருந்தே தொடங்குவோம்.

அவர் எழுதியவை ஏறத்தாழ நூறு கதைகள். முதுகலை ஆய்வேடு பொதுவாக அறுபது எழுபது பக்கம். முன்னுரை, முடிவுரை, பட்டியல்களைக் கழித்தால் ஐம்பது பக்கம் மிஞ்சும். நூறு கதைகளையும் எடுத்தால் ஒரு கதைக்கு அரைப் பக்கம். அரைப் பக்கத்தில் கதைச் சுருக்கம் எழுதலாம், ஆய்வு எழுத முடியாது. “சமுதாயச் சிந்தனைகள்” வகை ஏடுகள் கதைச் சுருக்கங்களின் வரிசையாக முடிவது இந்தக் கணக்கினால்தான். எனவே முதல் வேலை, படைப்புகளின் எண்ணிக்கையைக் குறைப்பது. நூறிலிருந்து ஒன்றுக்கு வருவோம்: “துன்பக்கேணி”.

இது 1935இல் மணிக்கொடியில் வந்த நெடுங்கதை. திருநெல்வேலிச் சீமையின் ஒரு கிராமத்திலிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போகும் மருதி என்ற தலித் பெண்ணின் கதை. நீளமான கதை என்பதால் நெருங்கி வாசிக்க இடம் தருகிறது. புதுமைப்பித்தன் வழக்கமாக உலவும் நெல்லை வீதிகளையும் சென்னைச் சந்துகளையும் விட்டுக் கடல் கடந்து போவதால் அவருடைய மற்றக் கதைகளிலிருந்து தனித்தும் நிற்கிறது.

ஆனால் ஒரு கதைக்கு வந்துவிட்டதாலேயே தலைப்பு கிடைத்துவிடாது. “துன்பக்கேணியில் தோட்டத் தொழிலாளர் அவலம்” என்று இந்தக் கட்டத்தில் எழுதிக்கொண்டு வருகிறவர்கள் உண்டு. பரப்பு சுருங்கிவிட்டது, கேள்வி இன்னும் பிறக்கவில்லை. தொழிலாளர்கள் அவலப்பட்டார்களா என்று கேட்டால் ஆம் என்பது கதையைத் திறக்காமலே தெரியும். வாசிப்பதற்கு முன்பே விடை தெரிந்த கேள்விக்கு ஆய்வு தேவையில்லை. அதே கதையைப் படித்த இன்னொருவர் “இல்லை, நீங்கள் சொல்வது சரியில்லை” என்று மறுக்கக்கூடிய ஒன்றாகக் கேள்வி இருக்க வேண்டும். மறுக்க முடியாத தலைப்பில் எழுதப்பட்ட ஏட்டை வாய்மொழித் தேர்வில் யாரும் குறை சொல்வதில்லை. யாரும் அதை இரண்டாம் முறை திறப்பதும் இல்லை.

கேள்வியைக் கதைக்குள்தான் தேட வேண்டும். கதையை இரண்டு மூன்று முறை படித்துவிட்டு, நிகழ்ச்சிகளை நகர்த்துவது எது என்று பாருங்கள். மருதி தோட்டத்தில் படும் பாடு கண்ணில் முதலில் படும். அதற்கு முன்னால் ஒரு சிறிய கேள்வி கிடக்கிறது: அவள் அங்கே எப்படிப் போய்ச் சேர்ந்தாள்? கிராமத்துக்கும் தோட்டத்துக்கும் நடுவில் நின்று ஆளைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது யார்?

இலங்கைத் தோட்ட வரலாற்றில் இந்த இடைநிலை மனிதருக்குப் பெயர் கங்காணி. அவரே ஊருக்கு வந்து ஆள் சேர்ப்பார். வழிச்செலவுக்கும் குடும்பத்தின் பழைய கடனுக்கும் முன்பணம் தருவார். தோட்டத்தில் அவரே வேலை வாங்குவார். கூலியும் பல காலம் அவர் கைவழியாகவே போயிற்று. பெரும்பாலும் அவர் அதே வட்டாரத்துக்காரராக இருந்தார், சில சமயம் உறவினராகவும் இருந்தார். தொழிலாளி வேறு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால் அவர்மேல் நிற்கும் கடன் எவ்வளவு என்று எழுதிய துண்டுச் சீட்டு வேண்டும். புதிய தோட்டம் அந்தக் கடனைக் கட்டி ஆளை எடுத்துக்கொள்ளும். துண்டு முறை என்று பெயர் பெற்ற இந்த ஏற்பாடு 1921இல் சட்டப்படி நீக்கப்பட்டது. கடன் அதோடு நீங்கிவிடவில்லை.

ஆக, வரலாற்றில் கங்காணிக்கு இரண்டு முகம். ஊர்க்காரர் என்ற நம்பிக்கையில் மக்கள் அவர் பின்னால் போகிறார்கள். கடன் கொடுத்தவர் என்பதால் அவரிடமிருந்து விலக முடியாமல் கட்டுண்டு கிடக்கிறார்கள். இங்கே ஒரு நல்ல கேள்வி எழுகிறது. புனைகதை இந்த இரண்டு முகத்தையும் வைத்துக்கொள்கிறதா, அல்லது ஆள் சேர்ப்பவரை வெறும் வஞ்சகராக்கிவிட்டுப் பழியை அவர்மேல் ஏற்றிவிடுகிறதா? ஊரில் சாதியும் வறுமையும், தோட்டத்தில் வெள்ளைக்காரத் துரை, நடுவில் ஆள் சேர்ப்பவர் என்று மூன்று பேர் பங்கிட வேண்டிய குற்றத்தைக் கதை எப்படிப் பங்கிடுகிறது? இதற்கு விடை முன்கூட்டித் தெரியாது. ஒரே பத்தியை வைத்து இரண்டு பேர் இரண்டு விதமாக வாதாட முடியும். “அவலம்” என்ற சொல்லில் அதற்கு இடமே இல்லை.

கேள்வி கிடைத்ததும் உடனே செய்ய வேண்டிய சோதனை ஒன்று இருக்கிறது, பலர் இதைச் செய்வதில்லை. பென்சிலை எடுத்துக்கொண்டு கதையை முழுவதும் மறுபடி வாசித்து, ஆள் சேர்ப்பு, முன்பணம், பயணம், கடன், கங்காணி பற்றி வரும் ஒவ்வொரு இடத்தையும் குறியிடுங்கள். பிறகு அந்த இடங்களை மட்டும் ஒரு நோட்டில் பக்க எண்ணோடு எழுதுங்கள். ஒவ்வோர் இடத்தின் கீழும், கதைச்சுருக்கம் இல்லாமல், இரண்டு மூன்று வாக்கியம் உங்களால் எழுத முடிகிறதா என்று பாருங்கள். யார் குரலில் சொல்லப்படுகிறது, எந்தச் சொல்லால் சுட்டப்படுகிறது, பேச்சாக வருகிறதா விவரிப்பாக வருகிறதா என்று. குறியிட்ட இடங்கள் ஐந்தாறுதான் தேறினால் இந்தக் கதையை மட்டும் வைத்து எழுபது பக்கம் எழுத முடியாது. ஒரு கட்டுரை எழுதலாம். தலைப்பு குறுகிப் போய்விட்டது என்பதற்கான அடையாளம் இதுதான். துணைநூல்களின் எண்ணிக்கையைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. படைப்புக்குள் இருக்கும் இடங்களை எண்ணித்தான் கண்டுபிடிக்க முடியும்.

நெடுங்கதையாக இருந்தாலும் “துன்பக்கேணி” ஒன்றே இந்தக் கேள்வியைத் தாங்குவது கடினம். அப்படியானால் மறுபடி விரிக்க வேண்டும். விரிப்பதற்கு “புதுமைப்பித்தனின் பிற கதைகள்” என்று போனால் தொடங்கிய இடத்துக்கே வந்துவிடுவோம். அந்தக் கதைகளில் ஆள் சேர்ப்பவர் இல்லை. கேள்வி எந்தப் படைப்பைக் கூப்பிடுகிறதோ அந்தப் படைப்பைத்தான் பக்கத்தில் வைக்க வேண்டும். இங்கே அது “எரியும் பனிக்காடு”.

பால் ஹாரிஸ் டேனியல் என்ற மருத்துவர் ஆனைமலைத் தோட்டப் பகுதியில் பணியாற்றியவர். அங்கே கண்டதையும் கேட்டதையும் வைத்து ஆங்கிலத்தில் “ரெட் டீ” என்ற நாவலை 1969இல் வெளியிட்டார். அதை இரா. முருகவேள் “எரியும் பனிக்காடு” என்று தமிழாக்கினார். இந்த நாவலைத் தழுவி வந்ததுதான் பாலாவின் “பரதேசி” (2013). நாவலில் கருப்பனும் வள்ளியும் திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து புறப்படுகிறார்கள். அவர்களைச் சேர்ப்பவர் ஒரு மேஸ்திரி. புறப்படும் மண் ஒன்று, ஒடுக்கப்பட்ட நிலை ஒன்று, முன்பணம் ஒன்று. போய்ச் சேரும் மலை வேறு, ஆள் சேர்ப்பவரின் பெயர் வேறு, எழுதியவர் நிற்கும் இடம் வேறு. புதுமைப்பித்தன் பத்திரிகையாளர், டேனியல் தோட்டத்துக்குள் இருந்த மருத்துவர். ஒன்று தோட்டக் காலம் நடந்துகொண்டிருந்தபோதே தமிழில் எழுதப்பட்டது. மற்றது சுதந்திரத்துக்குப் பிறகு ஆங்கிலத்தில் எழுதப்பட்டது.

இரண்டு படைப்பை ஒப்பிடும்போது நான் முக்கியமாகக் கருதுவது இதுதான்: ஒற்றுமை போதுமான அளவு இருக்க வேண்டும், அப்போதுதான் வேற்றுமைக்குப் பொருள் வரும். ஒற்றுமையே இல்லாத இரண்டை ஒப்பிட்டால் “இது வேறு, அது வேறு” என்பதோடு நின்றுவிடும். வேற்றுமையே இல்லாவிட்டால் ஒன்றைப் படித்தால் போதும். ஒரே நிலத்து மக்கள், ஒரே வகை இடைத்தரகர், இரண்டு வெவ்வேறு எழுத்து நிலைகள் என்பது ஆய்வேட்டுக்கு அளவான தூரம்.

இன்னொரு பலனும் இதில் உண்டு. புதுமைப்பித்தனைப் பற்றி எண்பது ஆண்டுகளாக எழுதி வருகிறார்கள். “எரியும் பனிக்காடு” பற்றிய விமர்சனம் அவ்வளவு இல்லை. நன்கு பேசப்பட்ட படைப்பு ஒன்று, குறைவாகப் பேசப்பட்ட படைப்பு ஒன்று என்று சேர்த்து வைக்கும்போது முன்னதிலிருந்து விமர்சன மரபு கிடைக்கிறது, பின்னதிலிருந்து புதிய இடம் கிடைக்கிறது. சான்றும் புதுமையும் ஒன்றையொன்று இழுக்கின்றன என்று தொடக்கத்தில் சொன்னேன். அந்த இழுபறிக்கு எனக்குத் தெரிந்த நம்பகமான தீர்வு இந்தச் சேர்க்கைதான். யாருமே தொடாத இரண்டு படைப்புகளை எடுத்துக்கொண்டு வரும் மாணவருக்கு ஆர்வம் நிறைய இருக்கும். ஆனால் நான்காம் மாதத்தில் அவருக்கு உரையாட ஆள் இருக்காது.

இந்தச் சேர்க்கையில் ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. “எரியும் பனிக்காடு” மொழிபெயர்ப்பு. “மேஸ்திரியை நாவல் இன்ன சொல்லால் சுட்டுகிறது” என்று நீங்கள் எழுதும்போது அந்தச் சொல் டேனியலுடையதா முருகவேளுடையதா? ஆங்கில மூலத்தையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளாமல் இதற்கு விடை சொல்ல முடியாது. மூலம் கைக்குக் கிடைக்கிறதா என்பதைத் தலைப்பைப் பதிவு செய்வதற்கு முன்பே உறுதி செய்ய வேண்டும். சில தமிழ்த் துறைகளில் மொழிபெயர்ப்பு நூலை முதன்மை நூலாக ஏற்பார்களா என்ற கேள்வியும் வரும். அதை நெறியாளரிடம் முதல் சந்திப்பிலேயே கேட்டுவிடுவது நல்லது. அங்கே மறுத்தால் இந்தக் கேள்வியையே வைத்துக்கொண்டு மலையகத் தமிழ்ப் படைப்பு ஒன்றைப் பக்கத்தில் வைக்கலாம். கேள்வி உறுதியாக இருந்தால் படைப்பை மாற்றிக்கொள்ள முடியும்.

“துன்பக்கேணி”க்கும் பதிப்புச் சிக்கல் உண்டு. கடையில் கிடைக்கும் ஏதோ ஒரு தொகுப்பை வைத்துக்கொண்டு எழுதக் கூடாது. ஆ. இரா. வேங்கடாசலபதி பதிப்பித்து 2000இல் காலச்சுவடு வெளியிட்ட “புதுமைப்பித்தன் கதைகள்” முதல் வெளியீட்டு விவரங்களோடும் பாட வேறுபாடுகளோடும் வந்தது. சொல்லைப் பிடித்து வாதாடும் ஆய்வுக்கு இந்த மாதிரிப் பதிப்புதான் அடிப்படை.

அடுத்தது, யாராவது ஏற்கெனவே இதைச் செய்திருக்கிறார்களா என்று பார்ப்பது. இந்தியப் பல்கலைக்கழகங்களின் முனைவர் பட்ட ஏடுகள் சோத்கங்கா தளத்தில் இருக்கின்றன. அங்கே தேடும்போது தமிழ் ஆய்வாளர் எல்லோருக்கும் வரும் தொல்லை எழுத்துக்கூட்டல். தமிழ் ஏட்டின் தலைப்பைச் சிலர் தமிழ் எழுத்திலேயே ஏற்றியிருப்பார்கள், சிலர் ஆங்கில எழுத்தில், சிலர் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து. ஆகவே ஒரு பெயரை ஒரே வடிவில் தேடிவிட்டு “எதுவும் இல்லை” என்று மகிழ்ந்துவிடக் கூடாது. குறைந்தது இத்தனை வடிவிலாவது தேட வேண்டும்:

```
புதுமைப்பித்தன்
Pudumaippittan
Pudumaipithan
Puthumaipithan
Pudhumaipithan
```

கங்காணி, மலையகம், தேயிலைத் தோட்டம் என்ற சொற்களையும் இதேபோல் தமிழிலும் ஆங்கில எழுத்திலும் ஆங்கிலச் சொல்லாகவும் தேடுங்கள். நடந்துகொண்டிருக்கும் ஆய்வுகளின் சுருக்கங்களுக்குச் சோத்கங்கோத்ரி என்று தனித் தளம் இருக்கிறது. முதுகலை ஏடுகளும் பழைய எம்.ஃபில். ஏடுகளும் பெரும்பாலும் இந்தத் தளங்களில் கிடைக்காது. அவை அந்தந்தத் துறை அலமாரிகளில்தான் இருக்கும். உங்கள் துறையிலும் பக்கத்துக் கல்லூரிகளிலும் இருக்கும் பட்டியலை நேரில் போய்ப் பார்ப்பது ஒரு நாள் வேலை.

தேடலில் மிக நெருக்கமாகக் கிடைக்கும் இரண்டு மூன்று ஏடுகளைத் தலைப்பை மட்டும் பார்த்து ஒதுக்கவும் கூடாது, தலைப்பைப் பார்த்துப் பயப்படவும் கூடாது. உள்ளடக்கப் பக்கத்தையும் முடிவுரையையும் திறந்து வாசியுங்கள். “தமிழ்ப் புனைகதையில் புலம்பெயர் தொழிலாளர்” என்று ஓர் ஏடு இருந்தால் அதில் “துன்பக்கேணி” நிச்சயம் வந்திருக்கும். அங்கே ஆள் சேர்ப்பவருக்கு எத்தனை பக்கம் தரப்பட்டிருக்கிறது என்பதுதான் நீங்கள் பார்க்க வேண்டியது. ஒரு பத்தி தந்திருந்தால் உங்கள் தலைப்புக்கு ஆபத்து இல்லை, மேற்கோள் காட்ட ஒரு முன்னாய்வு கிடைத்திருக்கிறது. ஓர் இயலே தந்திருந்தால் அதன் முடிவை வாசித்து, அதோடு நீங்கள் உடன்படாத இடம் உண்டா என்று யோசியுங்கள். உண்டென்றால் உங்கள் கேள்வி இன்னும் கூர்மையாகிறது. தமிழ் ஏடுகளின் கடைசியில் “மேலாய்வுக் களங்கள்” என்று ஒரு பட்டியல் இருக்கும். அதை வாசியுங்கள், ஆனால் அதிலிருந்து தலைப்பை எடுக்காதீர்கள். பெரும்பாலான ஏடுகளில் அது கடைசி வாரத்தில் சடங்குக்காக எழுதப்பட்டது.

இப்போது துணைநூல்கள். “என் தலைப்பில் நூலே இல்லை” என்று சொல்லும் மாணவர் பெரும்பாலும் தன் தலைப்பின் முழுப் பெயரிலேயே நூல் இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறார். “கங்காணியும் மேஸ்திரியும்” என்று யாரோ நூல் எழுதியிருந்தால் நீங்கள் எழுத வேண்டிய அவசியம் என்ன? சான்றுகள் தலைப்பைச் சுற்றி வளையம் வளையமாக இருக்கும்.

மிக அருகிலுள்ள வளையம் இந்தப் படைப்புகளையும் ஆசிரியர்களையும் பற்றியது. தொ.மு.சி. ரகுநாதனின் “புதுமைப்பித்தன் வரலாறு” 1951இல் வந்தது. ராஜ் கௌதமனின் “புதுமைப்பித்தன் எனும் பிரம்மராக்ஷஸ்” இந்தத் தலைப்புக்கு மிக வேண்டியது, ஏனென்றால் புதுமைப்பித்தனைக் கொண்டாடும் விமர்சனத்தோடு மோதிப் பார்க்கும் பார்வை அதில் கிடைக்கும். 2014இல் சென்னைப் பல்கலைக்கழகம் “துன்பக்கேணி”யைப் பாடத்திட்டத்திலிருந்து நீக்கியபோது, தலித் மக்களைக் கதை காட்டும் விதம் பற்றி இதழ்களில் விவாதம் நடந்தது. அந்தக் கட்டுரைகளைத் தேடி எடுக்க வேண்டும். குற்றத்தைக் கதை எப்படிப் பங்கிடுகிறது என்று கேட்கும் ஆய்வு அந்த விவாதத்தைக் கடந்து போக முடியாது. “எரியும் பனிக்காடு”க்கு மொழிபெயர்ப்பாளரின் முன்னுரையும், “பரதேசி” வந்தபோது நாவலையும் படத்தையும் பற்றி எழுதப்பட்டவையும் இருக்கின்றன. சினிமா விமர்சனங்களை எச்சரிக்கையாகக் கையாள வேண்டும். படத்தைப் பற்றிச் சொன்னதை நாவலைப் பற்றிச் சொன்னதாக எடுத்துக்கொள்வது இங்கே எளிதில் நேரும் பிழை.

அதற்கு வெளியே மலையக இலக்கிய விமர்சனம். தெளிவத்தை ஜோசப்பின் “மலையகச் சிறுகதை வரலாறு”, மு. நித்தியானந்தனின் “கூலித் தமிழ்” ஆகியவை தோட்டத்துக்குள்ளிருந்து வந்த எழுத்தை அறிமுகப்படுத்துகின்றன. தோட்டத் தொழிலாளரைத் திரட்டிய கோ. நடேசய்யரின் எழுத்துகளை இவற்றின் வழியாகத்தான் தமிழ்நாட்டு மாணவர் பெரும்பாலும் சந்திப்பார். இலங்கை நூல்களில் கணிசமானவை noolaham.org தளத்தில் படியெடுத்து வைக்கப்பட்டிருக்கின்றன. கையில் பணமும் விசாவும் இல்லாத மாணவருக்கு இது எவ்வளவு பெரிய உதவி என்பதைப் பயன்படுத்திப் பார்த்தால் தெரியும்.

அதற்கும் வெளியே வரலாறு. பேட்ரிக் பீபிள்ஸ் 2001இல் வெளியிட்ட “தி பிளான்டேஷன் தமிழ்ஸ் ஆஃப் சிலோன்” கங்காணி முறையைப் புரிந்துகொள்ள உதவும். டோனவன் மோல்ட்ரிச்சின் “பிட்டர் பெரி பாண்டேஜ்” காப்பித் தோட்டக் காலத்தைச் சொல்கிறது. இங்கே ஓரிரு நூலை முழுதாக வாசித்தால் போதும். கதைக்குள் வரும் கடன் 1921க்கு முந்திய நிலையா பிந்திய நிலையா, கதை அதை எவ்வளவு துல்லியமாக அறிந்திருக்கிறது என்று கேட்பதற்கு இந்த வளையம் வேண்டும்.

நூல்கள் போதுமா என்பதை மொத்த எண்ணிக்கையால் அளக்காதீர்கள். ஏட்டில் நான்கு இயல் என்றால், ஒவ்வோர் இயலுக்கும் நேராகப் பதில் சொல்ல வேண்டிய நூலோ கட்டுரையோ இரண்டு மூன்று உண்டா என்று பாருங்கள். ஓர் இயலுக்கு ஒன்றும் இல்லையென்றால் அந்த இயலின் பொருள் தவறாக வகுக்கப்பட்டிருக்கலாம். முதுகலை ஏட்டுக்கு உண்மையில் கரைத்துக் குடித்த பத்துப் பன்னிரண்டு நூல்கள், பட்டியலில் மட்டும் இருக்கும் அறுபது நூல்களைவிட மேல். தேர்வாளர் அறுபதில் ஒன்றைச் சுட்டி “இதில் உங்களுக்கு எது பயன்பட்டது?” என்று கேட்டால் போதும், விஷயம் வெளியே வந்துவிடும்.

இந்தத் தலைப்பில் வழி தவறக்கூடிய இடம் ஒன்று உண்டு. வரலாறு மிகச் சுவையானது. மண்டபம் முகாம், கடன் கணக்குகள், தோட்டச் சட்டங்கள் என்று உள்ளே போனால் கதை மறந்துவிடும். எழுதியதைத் திருப்பிப் பார்க்கும்போது தொடர்ந்து மூன்று பக்கத்தில் படைப்பிலிருந்து ஒரு மேற்கோளும் இல்லையென்றால் நீங்கள் வரலாற்றுத் துறை ஏட்டை எழுதிக்கொண்டிருக்கிறீர்கள். அந்த மூன்று பக்கத்தை ஒரு பத்தியாகச் சுருக்கிவிட்டுக் கதைக்குத் திரும்புங்கள். கோட்பாட்டு நூல்களுக்கும் இதே அளவுகோல்தான். பின்காலனியம் பற்றிப் பதினைந்து பக்கம் விளக்கிவிட்டு மருதிக்கு ஐந்து பக்கம் தரும் ஏடுகள் நிறைய உண்டு.

எதிர்ப் பக்கத்து ஆசை, மூன்றாவது நான்காவது படைப்பைச் சேர்ப்பது. பீஜித் தீவுத் தொழிலாளரைப் பற்றிய பாரதியின் கவிதையைச் சேர்க்கலாமே, நடேசய்யரையும் சேர்க்கலாமே என்று தோன்றும். முனைவர் பட்ட ஏட்டில் அதற்கு இடம் உண்டு, நான்காண்டு காலமும் உண்டு. ஒரே பருவத்தில் முடிக்க வேண்டிய முதுகலை ஏட்டில் அவற்றை ஓரிரு பத்தியில் ஒப்புக்காட்டாகத் தொட்டுவிட்டு விடலாம். முதன்மை நூல்கள் இரண்டு என்று முடிவு செய்தால் இரண்டோடு நிற்க வேண்டும்.

இயல்களையும் ஆசிரியரை வைத்து வகுக்காமல் கேள்வியை வைத்து வகுக்க வேண்டும். “ஆசிரியர் வாழ்வும் படைப்பும்” என்ற முதல் இயலை வழக்கத்துக்காக எழுதத் தேவையில்லை. டேனியல் மருத்துவராக இருந்தது வாதத்துக்கு வேண்டுமானால் வேண்டிய இடத்தில் வரும். இரண்டாம் இயல் புதுமைப்பித்தன், மூன்றாம் இயல் டேனியல் என்று பிரித்தால் ஒப்பீடு கடைசி இயலின் கடைசிப் பக்கத்துக்குத் தள்ளிப்போகும். ஊரில் ஆள் பிடிப்பது, வழிப்பயணமும் முன்பணமும், தோட்டத்தில் கடனும் அதிகாரமும், பழி யார்மேல் விழுகிறது என்று பிரித்தால் இரண்டு படைப்பும் ஒவ்வோர் இயலிலும் எதிரெதிரே நிற்கும். ஓர் இயலில் ஒரு படைப்பு மட்டும் பேசி மற்றது மௌனமாக இருந்தால் அந்த மௌனத்தையே ஆராயலாம். பயணத்தை ஒரு படைப்பு விரித்துச் சொல்லி, மற்றது ஒரே வாக்கியத்தில் தாண்டிவிட்டால் அது ஏன் என்பது நல்ல இயலாகும்.

இனித் தலைப்பை எழுதலாம். “கங்காணியும் மேஸ்திரியும்: ‘துன்பக்கேணி’, ‘எரியும் பனிக்காடு’ ஆகியவற்றில் ஆள் சேர்ப்பும் பழிப் பங்கீடும்”. இதில் எந்தப் பெயரை அடித்து வேறு பெயர் எழுதினாலும் தலைப்பு உடைந்துவிடும். ஆய்வுச் சுருக்கத்தின் முதல் பத்தியில் உங்கள் கருதுகோளை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்: எடுத்துக்காட்டாக, தோட்டத்துக்கு வெளியிலிருந்து எழுதியவரைவிட உள்ளிருந்து எழுதியவர் ஆள் சேர்ப்பவருக்கு இரண்டு முகத்தையும் தருகிறார் என்று. வாசித்துக்கொண்டு போகும்போது இது பொய்யாகலாம். உள்ளிருந்து எழுதியவரே மேஸ்திரியை முழு வஞ்சகராக்கியிருக்கலாம். அப்போது தலைப்பை மாற்ற வேண்டாம், கருதுகோளை மட்டும் மாற்றி எழுதிவிட்டு, அது ஏன் பொய்யாயிற்று என்பதை முடிவுரையின் மையமாக வையுங்கள். சுருக்கத்தை ஒப்படைக்கும் நாளில் நெறியாளரின் மேஜையில் குறியிட்ட கதைப் பிரதி, பக்க எண்களோடு எழுதிய நோட்டு, இயல்வாரியாகப் பிரித்த நூற்பட்டியல் ஆகிய மூன்றையும் வைத்தால், அவர் கேட்கக்கூடிய கேள்விகளில் பாதிக்கு அங்கேயே விடை இருக்கும்.